பொன்னி நடக்க எட்டுப் படங்கள்

சின்னதாக ஒரு கணினி விளையாட்டு செய்யலாம் என்று உட்காருகிற பலரிடமும் முதலில் இருப்பது ஒரு முகம்தான். ஆசையாக வரைந்து, வண்ணம் தீட்டி, பெயரும் வைத்த ஒரு கதாபாத்திரத்தின் மார்பளவுச் சித்திரம். அது பாதி நம்மைப் பார்த்தும் பாதி பக்கவாட்டில் திரும்பியும் இருக்கும். விளையாட்டுக்கோ அதே ஆளின் முழு உருவம் வேண்டும். முழுக்கப் பக்கவாட்டில் திரும்பி, கட்டைவிரல் நக அளவில், நடந்துகொண்டே இருக்க வேண்டும். சித்திரத்தில் கால்களே கிடையாது. இந்த இடைவெளியைக் கடப்பது எப்படி என்பதை ஒரே ஒரு கதாபாத்திரத்தை வைத்துப் பார்ப்போம்.

அவள் பெயர் பொன்னி. பத்து வயதுச் சிறுமி. சித்திரத்தில் தலை பெரிது, கண்கள் இன்னும் பெரியவை. நீளமான ஒற்றைப் பின்னல், நுனியில் சிவப்பு ரிப்பன். மஞ்சள் சட்டை. தோளிலிருந்து குறுக்காக இறங்கும் பழுப்பு நிறப் பை வார். படம் மார்போடு முடிந்துவிடுகிறது. விளையாட்டு எளிமையானது: தெருவில் இடமும் வலமும் நடந்து வீடு வீடாகக் கடிதம் கொடுப்பது. திரை 320 பிக்சல் அகலம், 180 பிக்சல் உயரம். இதைச் சரியாக நான்கு மடங்கு பெருக்கினால் 1280க்கு 720, ஆறு மடங்கு பெருக்கினால் 1920க்கு 1080. அதனால்தான் பலரும் இந்த அளவை எடுத்துக்கொள்கிறார்கள். இதில் பொன்னிக்கு 32 பிக்சல் அகலமும் 48 பிக்சல் உயரமும் உள்ள ஒரு கட்டம் ஒதுக்குவோம்.

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது, சித்திரத்தை அப்படியே சுருக்கிவிடலாமே என்பது. அது நடக்காது. சித்திரத்தில் தலை மட்டும் 960 பிக்சல் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 16 பிக்சலுக்குச் சுருக்கும்போது, மூலப்படத்தில் 60க்கு 60 பிக்சல் கொண்ட ஒரு சதுரம் ஒரே புள்ளியாகிவிடுகிறது. சுருக்கும் மென்பொருள் அந்தச் சதுரத்தில் உள்ள நிறங்களையெல்லாம் கலந்து சராசரி எடுக்கிறது. கண்ணின் கருமையும் அதன் வெண்மையும் கன்னத்தின் நிறமும் சேர்ந்து சாம்பல் கலந்த ஒரு பழுப்பாகிவிடும். முகம் இருந்த இடத்தில் ஒரு கறைதான் மிஞ்சும். கூர்மை போகாமல் சுருக்கும் வழியும் உண்டு. அது சராசரி எடுக்காமல், ஒவ்வொரு சதுரத்திலிருந்தும் ஏதோ ஒரு புள்ளியை மட்டும் பொறுக்கும். அப்போது ஒரு கண் வரும், மற்றொன்று காணாமல் போகும். ஆகவே சுருக்குவதை விட்டுவிட்டு, சிறிய அளவுக்கென்று புதிதாகவே வரைய வேண்டும். சித்திரம் பக்கத்தில் இருக்கட்டும், பார்த்துக்கொள்ள.

இதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த பாடம் மாரியோ. 1981இல் வந்த 'டாங்கி காங்' விளையாட்டுக்காக நிண்டெண்டோவின் ஷிகெரு மியாமோட்டோ அந்த உருவத்தை அமைத்தபோது, அவருக்குக் கிடைத்தது ஏறக்குறைய 16க்கு 16 பிக்சல் இடமும் சில நிறங்களும் மட்டுமே. அந்த அளவில் வாயை வரைந்தால் தெரியாது. பெரிய மூக்கும் அதன் கீழ் மீசையும் வைத்தார். தலைமுடியைப் பறக்கவிடுவது தொல்லை, தொப்பி போட்டார். கை வீசுவது உடம்பின் நிறத்தோடு கலந்துவிடக் கூடாது. சட்டைக்கு ஒரு நிறமும், அதன் மேல் மாட்டும் ஓவராலுக்கு இன்னொரு நிறமும் கொடுத்தார். உலகமே அடையாளம் காணும் ஓர் உருவத்தின் தொப்பியும் மீசையும் உடையும் சின்ன அளவில் எது தெரியும் எது தெரியாது என்ற கணக்கிலிருந்து பிறந்தவை.

பொன்னிக்கும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும். சித்திரத்தில் உள்ளவற்றில் எதை எடுத்தால் அவள் பொன்னியாக இல்லாமல் போவாள்? சித்திரத்தின் ஒரு நகலை முழுவதும் கறுப்பாக நிரப்பிப் பார்ப்பது நல்ல சோதனை. வெறும் நிழலுருவமாக நிற்கும்போது எது அவளைக் காட்டிக்கொடுக்கிறது? பெரிய தலை, பின்னல், நுனி ரிப்பன். கண்களின் அழகு அந்த நிழலில் இல்லை. பக்கவாட்டு உருவத்தில் ஒரு கண்தான் தெரியும். அதற்கு இரண்டு பிக்சல் அகலமும் மூன்று பிக்சல் உயரமும்தான் கிடைக்கும். சித்திரக்காரருக்கு இது வலிக்கும். ஆனால் அவளைத் தூரத்திலிருந்து அடையாளம் காட்டப்போவது பின்னல்தான். ஆகவே அதைச் சித்திரத்தில் இருப்பதைவிடச் சற்றுத் தடிமனாக, மூன்று பிக்சல் அகலத்தில் வரையலாம். பை வார் ஒரே ஒரு பிக்சல் கோடாகிவிடும். மஞ்சள் சட்டையின் மேல் பழுப்பு என்பதால் அது போதும்.

நிறங்களைச் சித்திரத்திலிருந்தே பொறுக்க வேண்டும், ஆனால் கொஞ்சமாக. முடி, தோல், சட்டை, பாவாடை ஆகிய நான்குக்கும் வெளிச்சம் ஒன்று, நிழல் ஒன்று என்று இரண்டிரண்டு. ரிப்பனுக்கு ஒன்று, பைக்கு ஒன்று. மொத்தம் பத்து. சித்திரத்தில் கன்னத்துச் சிவப்பிலிருந்து நெற்றி வரை நூறு சாயல்கள் இருக்கலாம். அவற்றையெல்லாம் கொண்டுவந்தால் அசையும்போது ஒவ்வொரு ஃபிரேமிலும் சாயல்கள் இடம் மாறி, தோல் பொரிவதுபோல் மினுக்கும். பத்து நிறத்தோடு நிறுத்தினால் அசைவது எது என்று கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்.

அடுத்தது உடம்பு. சித்திரம் சொல்லாததை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். தலை பெரிதான பாணி என்பதால் முழு உயரம் மூன்று தலைக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கட்டும்: தலை 16 பிக்சல், கழுத்திலிருந்து பாவாடையின் ஓரம் வரை 19, அதன் கீழே தெரியும் கால் 10. மொத்தம் 45. கட்டத்தின் உயரம் 48; மேலே மூன்று பிக்சல் காலியாக விட்டிருப்பது வேண்டுமென்றேதான், நடக்கும்போது தலை மேலே எழும்பும். பாவாடை முழங்கால் வரை. கணுக்கால் வரை இறங்கும் பாவாடையாக இருந்தால் கால் அசைவே தெரியாமல், ஓரத்தின் அலைவை மட்டும் வைத்து நடையைக் காட்ட வேண்டியிருக்கும். அது தனிக் கலை. முதல் முயற்சிக்கு வேண்டாம்.

இதையெல்லாம் வரைய ஏஸ்ப்ரைட் என்ற மென்பொருளைத்தான் இந்தத் துறையில் பலரும் பயன்படுத்துகிறார்கள், விலைக்குக் கிடைக்கும். இலவசமாக வேண்டுமென்றால் லிப்ரெஸ்ப்ரைட், அல்லது பிரவுசரிலேயே ஓடும் பிஸ்கல். எதில் வரைந்தாலும், நிற்கும் உருவத்தை ஒரே படமாக வரையாமல் லேயர் லேயராகப் பிரிப்பது நல்லது: தொலைவுக் கை, தொலைவுக் கால், உடம்பு, பக்கத்துக் கால், தலை, பின்னல், பக்கத்துக் கை. தொலைவுக் கை, கால் இரண்டையும் நிழல் நிறத்தில் மட்டும் தீட்டிவிடுங்கள். இது மிக முக்கியம். இரண்டு கால்களும் ஒரே நிறமாக இருந்தால் ஒன்றையொன்று கடக்கும்போது எது எந்தக் கால் என்று கண் குழம்பிவிடும். அப்போது இரண்டு அடி வைக்கும் நடை, ஒரே அடியைத் திரும்பத் திரும்ப வைப்பதுபோல் தெரியும்.

இப்போது நடை. நடை என்பது விழுவதும் தாங்குவதுமாக மாறி மாறி நடப்பது. அனிமேஷன்காரர்கள் ஓர் அடியை நான்கு நிலைகளாகப் பிரிப்பார்கள். ரிச்சர்ட் வில்லியம்ஸ் 2001இல் வெளியிட்ட பாடநூல் இந்தப் பிரிவினையை உலகம் முழுவதும் பரப்பியது. முன்கால் குதி தரையைத் தொடும் நிலை முதலாவது. அப்போது இரண்டு கால்களும் அதிகபட்சமாக விரிந்திருக்கும். அடுத்தது தாழும் நிலை: உடம்பின் பாரம் முன்காலில் இறங்குகிறது, முழங்கால் மடிகிறது, தலை மிகக் கீழே வருகிறது. மூன்றாவது கடக்கும் நிலை: பின்னாலிருந்த கால் தரையை விட்டு எழுந்து, ஊன்றிய காலைத் தாண்டிச் செல்கிறது. நான்காவது எழும் நிலை: ஊன்றிய கால் தரையை உந்துகிறது, தலை மிக மேலே போகிறது. அதோடு மறுகால் குதி தரையைத் தொடும். அது அடுத்த அடியின் முதல் நிலை. ஓர் அடிக்கு நான்கு, இரண்டு அடிக்கு எட்டு. இந்த எட்டுப் படங்கள் முடிவின்றிச் சுழன்றால் பொன்னி ஊரெல்லாம் நடப்பாள். 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸில் சின்ன மாரியோவின் நடைக்கு மூன்றே படங்கள். அதுவும் போதும்தான், ஆனால் பாரம் இறங்கி ஏறுவது எட்டில்தான் தெரியும்.

வரையும் வரிசை ஒன்று, இரண்டு, மூன்று என்று போகக் கூடாது. முதலில் ஒன்றையும் ஐந்தையும் வரையுங்கள், அதாவது கால் விரிந்த இரண்டு நிலைகள். ஐந்தாவது படம் என்பது முதல் படத்தில் கால்கள் இடம் மாறியதுதான்: பக்கத்துக் கால் முன்னால் இருந்தால் இப்போது பின்னால். பிறகு மூன்றும் ஏழும், கடக்கும் நிலைகள். இந்த நான்கை மட்டும் ஓடவிட்டுப் பார்த்தாலே நடை வந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். அதன் பிறகுதான் இடையில் உள்ள தாழ்வும் எழுச்சியும்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலான நடைகள் கெட்டுப்போகின்றன. எனவே கால் வைக்கும் இடத்தைக் கண்ணளவில் விடாமல் எண்ணிப் பார்ப்போம். இடுப்புக்கு நேர் கீழே தரையில் ஒரு புள்ளியைச் சுழி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் படத்தில் முன்கால் அதற்கு 6 பிக்சல் முன்னால், பின்கால் 6 பிக்சல் பின்னால். கட்டத்துக்குள் பொன்னி நகர்வதில்லை. அதே இடத்தில்தான் நடக்கிறாள், தெருவில் அவளை நகர்த்துவது நிரலின் வேலை. ஆகவே ஊன்றிய கால், தரையோடு ஒட்டியிருப்பதுபோல் தெரிய வேண்டுமானால், ஒவ்வொரு படத்திலும் சம அளவில் பின்னோக்கி நகர வேண்டும். 6இல் தொடங்கி 3, சுழி, பின்னால் 3, பின்னால் 6. ஒரு படத்துக்கு மூன்று பிக்சல், கூடக் குறைய இல்லாமல். இதில் ஒரு படத்தில் 4, அடுத்ததில் 2 என்று போனால் அந்தக் கால் தரையில் வழுக்குவது பளிச்சென்று தெரியும்.

தூக்கிய காலுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. அது தொடங்கும்போது மெதுவாக, நடுவில் வேகமாக, முடியும்போது மெதுவாகப் போகலாம்: பின்னால் 6, பின்னால் 5, சுழி, முன்னால் 5, முன்னால் 6. கடக்கும் நிலையில் அது தரைக்கு மூன்று பிக்சல் மேலே இருக்கட்டும். ஊன்றிய கால் ஒரே சீராகவும் தூக்கிய கால் சீரில்லாமலும் போகிற இந்த வேறுபாடுதான் நடைக்கு உயிர். இரண்டையும் ஒரே சீராக வைத்தால் கத்தரிக்கோல் திறந்து மூடுவதுபோலாகிவிடும்.

தலையின் ஏற்ற இறக்கம் எளிது: முதல் படத்தில் இயல்பான உயரம், இரண்டில் ஒரு பிக்சல் கீழே, மூன்றில் பழைய உயரம், நான்கில் ஒரு பிக்சல் மேலே. அடுத்த நான்கிலும் அப்படியே. ஒரே ஒரு பிக்சலா என்று தோன்றலாம். 45 பிக்சல் உயர உருவத்தில் மேலும் கீழுமாக இரண்டு பிக்சல் வித்தியாசம் என்பது, ஒன்றரை மீட்டர் உயரமுள்ள ஒருவரின் தலை ஏறக்குறைய ஏழு சென்டிமீட்டர் ஏறி இறங்குவதற்குச் சமம். அதற்கு மேல் போனால் அவள் துள்ளிக் குதிக்கிறாள். தலையோடு சேர்ந்து கண்ணும் அதே பிக்சல் அளவு நகர வேண்டும். தலையை நகர்த்திவிட்டு முகத்தை மறந்துவிட்டால் கண் நெற்றிக்கும் கன்னத்துக்கும் இடையே அலையும். தலை முழுவதையும் ஒரே லேயராக வைத்திருந்தால் இந்தத் தொல்லை வராது.

கைகள் கால்களுக்கு எதிராக வீச வேண்டும்: பக்கத்துக் கால் முன்னால் போனால் பக்கத்துக் கை பின்னால். இதைத் தெரிந்தவர்களும் படம் படமாக வரையும்போது ஒரே பக்கத்துக் கையையும் காலையும் சேர்த்து முன்னால் கொண்டுபோய்விடுவார்கள். எங்கோ சரியில்லை என்று தெரியும், எங்கே என்று தெரியாது. ஒரு ஃபிரேமை நிறுத்தி, பக்கத்துக் கையையும் பக்கத்துக் காலையும் மட்டும் பார்த்தால் பிடிபட்டுவிடும். இன்னொரு நுட்பம்: கை அதிகபட்சமாக வீசியிருப்பது கால் விரிந்த முதல் படத்தில் அல்ல, தாழும் இரண்டாவது படத்தில். கால் நின்ற பிறகும் கை ஒரு ஃபிரேம் கூடுதலாகப் போகிறது. இந்தச் சிறு தாமதத்தால் தோள் தளர்வாகத் தெரியும்.

பின்னலுக்கும் அதே தாமதம்தான், இன்னும் கொஞ்சம் கூடுதலாக. பொன்னியின் சித்திரத்திலிருந்து நாம் காப்பாற்றிக் கொண்டுவந்த அடையாளம் அது. அது விறைத்து நின்றால் மற்ற உழைப்பெல்லாம் வீண். பின்னலின் வேர் தலையோடு ஒட்டியிருப்பதால் தலை போகும்போதே அதுவும் போகும். நடுப்பகுதி ஒரு ஃபிரேம் கழித்து அதே அசைவைச் செய்யும். ரிப்பன் கட்டிய நுனி அதற்கும் ஒரு ஃபிரேம் கழித்து. ஆகவே தலை மிக மேலே இருக்கும் நான்காவது படத்தில் நுனி இன்னும் தாழ்ந்தே இருக்கும். தலை இறங்கி ஆறாவது படத்துக்கு வரும்போதுதான் நுனி மேலே எழும்பும். வரைபவர்கள் இங்கே ஆனியன் ஸ்கின் என்ற வசதியைத் திறந்து வைத்துக்கொள்வார்கள். முந்தைய ஃபிரேமும் அடுத்த ஃபிரேமும் மங்கலாகப் பின்னால் தெரியும். ரிப்பனின் சிவப்புப் புள்ளி எட்டுப் படங்களிலும் எந்தப் பாதையில் போகிறது என்று தொடர்ந்து பார்க்கலாம். அந்தப் பாதை ஒரு வளைவாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் உடைந்து கோணமாகத் திரும்பினால் அந்த ஃபிரேமில் பின்னல் வெட்டி இழுக்கும்.

நிஜ நடையைப் பார்த்து வரைவது உதவாதா என்று கேட்பார்கள். உதவும். ஜோர்டன் மெக்னர் 1989இல் வெளியான 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா'வுக்காகத் தன் தம்பியை ஓடவும் தாவவும் வைத்துப் படம்பிடித்து, அந்த வீடியோவின் மேல்தான் உருவங்களை வரைந்தார். இன்று நமக்கு ஃபோனே போதும். இடுப்பு உயரத்தில், சரியான பக்கவாட்டில் வைத்து, யாரையாவது நடக்கச் சொல்லலாம். எப்போது குதி தொடுகிறது, எப்போது முழங்கால் மடிகிறது என்பதை அதிலிருந்து படிக்கலாம். ஆனால் அப்படியே நகல் எடுக்க முடியாது. மெக்னரின் இளவரசன் மனித அளவுகளோடு இருந்தான். பொன்னிக்குத் தலை உடம்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், கால்கள் குட்டை. நிஜ மனிதரின் நீளமான எட்டை அந்தக் குட்டைக் காலில் வைத்தால் பாவாடைக்குள்ளிருந்து கால் பிய்ந்து வெளியே வந்ததுபோல் இருக்கும்.

எட்டுப் படங்களும் முடிந்தால் அவற்றை ஒரே நீளமான படமாக அடுக்க வேண்டும். அதுதான் ஸ்ப்ரைட் ஷீட். தனித்தனி கோப்புகளாக வைப்பதைவிட இது நிரலுக்கு எளிது: எத்தனையாவது கட்டம் என்று சொன்னால் போதும், அதை மட்டும் வெட்டிக் காட்டும். ஒன்பதாவதாக, இரண்டு காலும் ஊன்றி நிற்கும் படத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் விளையாடுபவர் கையை எடுத்ததும் பொன்னி ஒரு காலைத் தூக்கியபடியே நின்றுவிடுவாள். ஒன்பது கட்டங்கள், 32 அகலம் வீதம் 288. ஆக ஷீட்டின் அளவு 288க்கு 48. பின்னணி ஒளிபுகுவதாக இருக்க, PNG வடிவத்தில் சேமிக்க வேண்டும்.

சேமிக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. ஏஸ்ப்ரைட்டில் ஷீட்டை ஏற்றுமதி செய்யும் பெட்டியில் `Trim` என்று தொடங்கும் தேர்வுகள் உண்டு. வெற்றிடத்தை வெட்டி இடம் மிச்சப்படுத்துபவை. ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாக வெட்டினால் கால் விரிந்த படம் அகலமாகவும் கடக்கும் படம் ஒடுக்கமாகவும் ஆகி, சுழி என்று நாம் வைத்திருந்த புள்ளி ஒவ்வொன்றிலும் வெவ்வேறு இடத்துக்குப் போய்விடும். பொன்னி நடுங்கிக்கொண்டே நடப்பாள். கணக்கிட்டு வைத்த மூன்று பிக்சல் ஒழுங்கெல்லாம் அந்த ஒரு சொடுக்கில் கலைந்துவிடும். அதைத் தொடாதீர்கள். கட்டத்தின் இரு ஓரத்திலும் இரண்டு பிக்சலாவது காலியாக இருக்கட்டும். பக்கத்துக் கட்டத்தின் நிறம் கோடாகக் கசிவது அதனால் தவிர்க்கப்படும்.

இனி நடக்க வைப்பது. இலவசமாகக் கிடைக்கும் கோடோ இன்ஜினை எடுத்துக்கொள்வோம். `CharacterBody2D` ஒன்றின் கீழ் `Sprite2D` ஒன்றை வைத்து, அதில் ஷீட்டை ஏற்றி, `Hframes` என்ற இடத்தில் 9 என்று கொடுக்க வேண்டும். உருவம் மங்கலாகத் தெரிந்தால் ப்ராஜெக்ட் அமைப்பில் `Default Texture Filter` என்பதை `Nearest` என்று மாற்றுங்கள், பிக்சல்கள் கூர்மையாகிவிடும்.

வழக்கமாகச் சொல்லிக்கொடுப்பது, விநாடிக்கு 12 படம் என்று ஒரு வேகம் வைத்து அனிமேஷனைத் தனியாகவும், நடக்கும் வேகத்தைத் தனியாகவும் ஓடவிடுவது. அப்படிச் செய்தால் இரண்டும் ஒத்துப்போக வேண்டும்: படத்துக்கு மூன்று பிக்சல், விநாடிக்கு 12 படம், ஆகவே விநாடிக்கு 36 பிக்சல். வேகத்தை 50 என்று மாற்றினால் கால் தரையில் வழுக்கும். 20 என்று குறைத்தால் நின்ற இடத்தில் கால் உதைப்பாள். எனக்குப் பிடித்த வழி வேறு. படத்தை நேரத்தோடு கட்டாமல் நடந்த தூரத்தோடு கட்டிவிடுவது.

```gdscript
extends CharacterBody2D
var walked := 0.0

func _physics_process(delta):
    var dir = Input.get_axis("ui_left", "ui_right")
    velocity.x = dir * 36.0
    move_and_slide()
    walked += abs(velocity.x) * delta
    if velocity.x == 0:
        $Sprite2D.frame = 8
    else:
        $Sprite2D.frame = int(walked / 3.0) % 8
        $Sprite2D.flip_h = velocity.x < 0
```

மூன்று பிக்சல் நகர்ந்தால் அடுத்த படம், அவ்வளவுதான். எண்ணிக்கை சுழியிலிருந்து தொடங்குவதால் நடையின் எட்டுப் படங்கள் 0 முதல் 7 வரை, நிற்கும் படம் 8. வேகத்தை எப்படி மாற்றினாலும் காலும் தரையும் ஒன்றாகவே போகும். சுவரில் முட்டினால் `move_and_slide` வேகத்தைச் சுழியாக்கிவிடும், கால்களும் நின்றுவிடும். சுவரைப் பார்த்துக்கொண்டே நடந்துகொண்டிருக்கும் அபத்தம் வராது.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, தெருவில் 12 பிக்சலுக்கு ஒரு கல் வரைந்து வையுங்கள். ஓர் அடியின் நீளம் 12. முதல் அடி ஒரு கல்லில் விழுந்தால் ஒவ்வோர் அடியும் அடுத்தடுத்த கல்லிலேயே விழ வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லைவிட்டு விலகிப்போனால், படங்களில் எங்கோ மூன்று பிக்சல் கணக்கு பிசகியிருக்கிறது. சுழற்சி முடிந்து திரும்பும் இடத்தில் மட்டும் ஒரு தடுமாற்றம் தெரிந்தால் காரணம் வேறு: முதல் படத்தையே கடைசியிலும் ஒருமுறை வைத்திருப்பீர்கள். எட்டாவது படத்துக்குப் பிறகு முதலாவது தானாகவே வரும். அதைத் தனியாகச் சேர்க்கத் தேவையில்லை. கல்லை உற்றுப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். படம் மாறுவதற்கு இடையே உள்ள இரண்டு பிக்சலுக்கு ஊன்றிய கால் உடம்போடு சேர்ந்து லேசாக முன்னால் நழுவி, அடுத்த படத்தில் சரியான இடத்துக்குத் திரும்பும். எட்டுப் படத்தில் இதைத் தவிர்க்க முடியாது. விளையாடும்போது கண் அதைப் பொருட்படுத்துவதில்லை.

ஆனால் வேறோர் எல்லையை விளையாடுபவர் கட்டாயம் உணர்வார். விநாடிக்கு 36 பிக்சல் என்றால் 320 பிக்சல் தெருவைக் கடக்க ஏறக்குறைய ஒன்பது விநாடி. அது மெதுவான விளையாட்டு. வேகத்தை இரட்டிப்பாக்கினால் தூரக் கணக்குப்படி படங்களும் விநாடிக்கு 24 ஆகும், அதாவது ஒரு விநாடியில் ஆறு அடி. கால்கள் படபடக்கும். எட்டைக் கொஞ்சம் அகலமாக்கலாம்: காலை 6க்குப் பதில் 8 பிக்சல் விரித்தால் ஓர் அடி 16, படத்துக்கு நான்கு பிக்சல். விநாடிக்கு 15 படமாக ஓடினால் 60 பிக்சல் வேகம் கிடைக்கும். நிரலில் 36 இருக்கும் இடத்தில் 60, 3 இருக்கும் இடத்தில் 4. பொன்னியின் குட்டைக் காலுக்கு அதுதான் உச்சம். அதற்கு மேல் வேண்டுமானால் நடையை விட்டுவிட்டு ஓட்டத்தைத் தனியாக வரைய வேண்டும். ஓட்டத்தில் இரண்டு கால்களும் தரையை விட்டிருக்கும் ஒரு நிலை உண்டு. நடையை வேகமாக்கி அதைப் பெற முடியாது.

மிஞ்சியிருப்பது இடப்பக்கம். மேலே உள்ள நிரலில் `flip_h` அதே படங்களைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிப் போடுகிறது. பெரும்பாலான உருவங்களுக்கு இது போதும். பொன்னிக்குப் போதாது, அவள் தோளில் பை இருக்கிறது. சித்திரத்தில் வார் இடது தோளில் தொடங்கி வலது இடுப்பில் இறங்குகிறது. வலப்பக்கம் நடக்கும்போது பை நம் பக்கம் தெரியும். திருப்பிப் போட்டால் பை அவளது இடது இடுப்புக்குத் தாவிவிடுகிறது. பல விளையாட்டுகள் இதைக் கண்டுகொள்வதில்லை, விளையாடுபவர்களும் கவனிப்பதில்லை. ஆனால் கடிதம் கொடுப்பதே வேலையாக உள்ள விளையாட்டில் பை முக்கியமான பொருள். நாம் பையைத் தனி லேயரில் வைத்திருந்தால் இரண்டாவது வரிசை செய்வது பெரிய வேலையல்ல: எல்லாப் படங்களையும் திருப்பி, பையை உடம்புக்குப் பின்னால் உள்ள லேயருக்கு நகர்த்தி, மார்பில் வாரின் சாய்வை மாற்றி, பாவாடைக்குப் பின்னாலிருந்து பையின் ஓரம் மட்டும் இரண்டு பிக்சல் எட்டிப் பார்க்கும்படி விட்டால் போதும். ஷீட் 288க்கு 96 ஆகும், `Vframes` 2 ஆகும். `flip_h` வரியை எடுத்துவிட்டு, இடப்பக்கம் போகும்போது படத்தின் எண்ணோடு 9ஐக் கூட்டச் சொல்ல வேண்டும். நிற்கும் படத்துக்கும் கடைசியாக எந்தப் பக்கம் பார்த்திருந்தாள் என்பதை நினைவில் வைத்து அதே கணக்கைப் போட வேண்டும்.